மனை விளம்பரப் போட்டோவில் 'செ.', 'வ.பா.', 'அப்.': சேலத்துக்குப் புதிதாக வந்தவருக்கு ஆங்கிலத்தில் விளக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் வந்ததும் வரி விளம்பரப் பக்கத்தை மொபைலில் படம் பிடித்து, "இதைப் பாருங்க, நல்ல இடம்" என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது நம்மூர்ப் பழக்கம். வாங்குகிறவர் இரும்பாலைக்கோ ரயில்வேக்கோ மாற்றலாகி வந்த வெளிமாநிலத்துக்காரராக இருப்பார். இல்லையென்றால் தமிழ் நன்றாகப் பேசினாலும் படிக்கத் தெரியாத நம் வீட்டு மாப்பிள்ளையாக இருப்பார். "இங்கிலீஷில் என்னன்னு எழுதி அனுப்புங்க" என்று படம் நம்மிடமே திரும்பி வரும். அக்கா மருமகனுக்கு இப்படி எழுதி அனுப்பியே எனக்குத் தாவு தீர்ந்துபோனது. அடுத்து அந்த வேலை யார் தலையில் விழுகிறதோ, அவருக்காக இதை எழுதுகிறேன். மனை, வீடு விளம்பரங்கள் மட்டும்தான் இங்கே. மணமகன், மணமகள் பத்தியின் சுருக்கெழுத்து தனி உலகம், அதைத் தொடவில்லை.

1. முதலில் படத்தை ஒழுங்காகக் கேட்டு வாங்குங்கள்

நாலு வரியை மட்டும் வெட்டி அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். முழுப் பக்கமாக ஒரு படம், அந்த விளம்பரம் மட்டும் பெரிதாக ஒரு படம், இரண்டும் வேண்டும். முழுப் பக்கம் கேட்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்தின் தலையில் தேதியும் பதிப்பும் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் போன மாதத்ததா, போன வருடத்ததா என்று வேறு எதை வைத்தும் சொல்ல முடியாது. அதோடு, விளம்பரம் எந்தத் தலைப்பின் கீழ் வந்தது என்பதும் தெரியும். 'வீடு விற்பனைக்கு' என்ற தலைப்பின் கீழ் வந்தால் விளம்பரத்துக்குள் 'விற்பனை' என்ற சொல்லே இருக்காது. தலைப்பை வெட்டிவிட்டால் அது வாடகையா விற்பனையா என்றே குழப்பம் வரும்.

நாளிதழ்த் தாள் மெல்லியது, பின்பக்க அச்சு முன்னால் தெரியும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியையோ அட்டையையோ வைத்து, ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே போய்விடும். மீதிச் சந்தேகம் எண்களில் இருக்கும். 3, 8, 6 மூன்றும் மங்கலான படத்தில் ஒன்றுபோலத் தெரியும். ¼, ½ போன்ற பின்னங்கள் புள்ளியாகக் கரைந்துவிடும். போன் எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதுதான் தெரிகிறது என்றால் ஓரத்தில் வேறு எழுத்துகளும் வெட்டுப்பட்டிருக்கும்.

2. ஒரே எழுத்துக்குப் பல பொருள்: பக்கத்தில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வரி விளம்பரத்துக்கு வரிக்கோ சொல்லுக்கோ இவ்வளவு என்று காசு. அதனால்தான் இத்தனை வெட்டு. ஆனால் இப்படித்தான் வெட்ட வேண்டும் என்று யாரும் பட்டியல் போட்டு வைக்கவில்லை. விளம்பரம் கொடுப்பவர் ஒரு விதமாக எழுதுவார், அதை வாங்கும் ஏஜென்ட் இன்னொரு விதமாகக் குறைப்பார். ஆகவே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து அதை எல்லா இடத்திலும் பொருத்தாதீர்கள்.

'செ.' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சிறிய எண் இருந்தால் சென்ட். பின்னால் பத்து இலக்க எண் வந்தால் செல். 'வ.' வந்து அதோடு 'பா.' ஒட்டியிருந்தால் வடக்குப் பார்த்தது. எண்ணுக்குப் பின்னால் வந்தால் வருடம், '5 வ. பழைய வீடு' என்பதுபோல. ஊர்ப் பெயருக்குப் பின்னால் வந்தால் வட்டம், அதாவது தாலுகா. 'கி.' என்பது கிழக்கு, கிராமம், கிணறு மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தோட்டம், காடு விற்கும் விளம்பரத்தில் '1 கி.' என்று வந்தால் கிணறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே திசையை எண்ணால் சொல்ல மாட்டார்கள். 'தெ.' தெற்காகவும் இருக்கலாம், தெருவாகவும் இருக்கலாம்.

ரொம்பவும் ஏமாற்றுவது 'ப.எண்'. 'பு.எண்' என்பதோடு ஜோடியாக வந்தால் பழைய கதவு எண், புதிய கதவு எண். தனியாக வந்தால் பட்டா எண்ணாக இருக்கலாம். இதை ஊகித்து ஆங்கிலத்தில் 'ஓல்ட் நம்பர்' என்று எழுதிவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் அந்த எண்ணில் கதவைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாக அலைவார்.

உள்ளூர்ப் பெயர்களுக்கும் இதே கதைதான். 'பு.பே.நி.' புதிய பேருந்து நிலையம், 'ப.பே.நி.' பழைய பேருந்து நிலையம். சேலத்தில் இரண்டும் தனித்தனி இடம், மங்கலான படத்தில் 'பு'வின் அடியில் இறங்கும் அந்த ஒரு கோடு தெரியாமல் போனால் திசையே மாறிவிடும். 'ஜங்.' என்றால் சூரமங்கலம் பக்கம் இருக்கும் ரயில்வே ஜங்ஷன்.

3. ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இது நான் மாதிரிக்கு எழுதியது. ஆனால் ஞாயிறு பக்கத்தில் நீங்கள் பார்ப்பது இதே அச்சில்தான் இருக்கும்:

"கன்னங்குறிச்சி 3¼ செ. (30×45) வ.பா. மனை, 30 அடி ரோ., டி.டி.சி.பி. அப்., பு.பே.நி. 7 கி.மீ., ச.அ. 2600, நே.உரி., பு.வே., செ:"

விரித்து எழுதினால்: கன்னங்குறிச்சியில் மூன்றேகால் சென்ட், 30 அடிக்கு 45 அடி, வடக்குப் பார்த்த மனை. எதிரில் 30 அடி அகல ரோடு. டி.டி.சி.பி., அதாவது நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல். புதிய பேருந்து நிலையத்திலிருந்து 7 கிலோமீட்டர். சதுர அடி 2,600 ரூபாய். நேரடி உரிமையாளர். புரோக்கர் வேண்டாம். செல் எண்.

பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்தி, அப்படியே ஆங்கிலத்தில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நிறுத்தாமல் கணக்குப் போடுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்றேகால் சென்ட் என்றால் சுமார் 1,416 சதுர அடி. ஆனால் 30க்கு 45 என்றால் 1,350 சதுர அடிதான், அதாவது மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரே விளம்பரத்தில் இரண்டு அளவு. சென்ட் கணக்கில் விலை பேசினால் 36 லட்சத்து 80 ஆயிரம் வரும், அடிக் கணக்கில் பேசினால் 35 லட்சத்து 10 ஆயிரம். நடுவில் 1 லட்சத்து 70 ஆயிரம் நிற்கிறது.

இதை உடனே மோசடி என்று சொல்லிவிடக் கூடாது. மனை ஒரு பக்கம் கோணலாக, பின்பக்கம் அகன்று இருக்கலாம். முன்பக்க அளவை மட்டும் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அல்லது மூன்று சென்ட் சொச்சத்தை மூன்றேகால் என்று வாய்க்கு வந்தபடி சொல்லியிருப்பார்கள். எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "பத்திரத்தில் எத்தனை சதுர அடி, அதற்குத்தானே விலை?"

வீட்டு விளம்பரத்தில் இந்தக் குழப்பம் வேறு உருவில் வரும். '1200/950 ச.அ.' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் முதல் எண் மனை, இரண்டாவது கட்டடம். ஒரே எண்ணாக '1200 ச.அ. வீடு' என்றிருந்தால் அது மனையா கட்டடமா என்று விளம்பரத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அடுக்குமாடியில் 'யு.டி.எஸ்.' என்று வருவது, நிலத்தில் உங்களுக்குச் சேரும் பிரிபடாத பாகம். அது வீட்டின் பரப்பளவு இல்லை.

4. 'அப்.' என்ற இரண்டு எழுத்தில்தான் ஆபத்து

மேலே 'டி.டி.சி.பி. அப்.' என்பதை அப்ரூவல் என்று விரித்தோம். அது அப்ளைடு ஆகவும் இருக்கலாமே? விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு 'அப்.' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. சில சமயம் விளம்பரத்தில் தெளிவாகவே அச்சாகியிருக்கும், போட்டோவில் தாளின் மடிப்பு சரியாக அங்கே விழுந்து 'அப்' வரைதான் தெரியும். இந்த இடத்தில் மட்டும் ஊகிக்கவே கூடாது. அப்ரூவல் எண் என்ன, எந்த வருடம் என்று கேட்டு வாங்குங்கள். எண் தராமல் "எல்லாம் இருக்கு சார், நேரில் வாங்க" என்றால் அதுவே ஒரு பதில்.

'பஞ். அப்.' என்று வந்தால் பஞ்சாயத்து அப்ரூவல் என்கிறார்கள். லேஅவுட்டுக்கு டி.டி.சி.பி. தொழில்நுட்ப அனுமதி வேண்டும், அதை வைத்துத்தான் உள்ளாட்சி இறுதி அனுமதி தரும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் இருக்கும் மனை அனுமதி இல்லாத மனைதான். வங்கிக் கடனும் கிடைக்காது, பதிவிலும் தடங்கல் வரும். 'எல்.பி.ஏ.' என்றால் உள்ளூர்த் திட்டக் குழுமம். சேலத்துக்கு அப்படி ஒன்று உண்டு, அது முறையான அனுமதிதான்.

'ரெகு.' என்று வருவது வரன்முறைப்படுத்தப்பட்டது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பு போட்ட அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்காக 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி வாங்கும் உத்தரவு அது. அந்த மனைக்கென்று தனி உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். லேஅவுட்டுக்கு மட்டும் வாங்கிவிட்டு மனைக்கு வாங்காமல் விட்டிருப்பார்கள்.

'ரெரா' எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், எல்லா மனைக்கும் தேவையில்லை. 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு மனைக்கு மேலோ போகும் புதிய திட்டங்களுக்குத்தான் கட்டாயம். தனி ஆள் தன் ஒரு மனையை மறுவிற்பனை செய்தால் கேட்க வேண்டாம். புரமோட்டர் விளம்பரம் என்றால் அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். அதை rera.tn.gov.in தளத்தில் சரிபார்க்கலாம்.

5. ஏற்காடு விளம்பரம் என்றால்

'ஏ.' வந்தால் இரண்டு தடவை பாருங்கள். '2 ஏ.' என்பது ஏக்கர். 'ஏ. ரோடு' என்பது ஏற்காடு ரோடு. ஏற்காடு ரோடு என்றதும் மலைமேல் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சேலத்தில் அது அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போகும் சாலை. அங்கே விற்பனைக்கு வரும் மனை பெரும்பாலும் சமவெளியில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'சேலம் டவுன், மலைமேல் இல்லை' என்று சேர்த்துவிடுங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வந்து நிற்க மாட்டார்கள்.

நிஜமாகவே மலைமேல் இருக்கும் நிலம் என்றால் கேள்வியே வேறு. ஏற்காடு தாலுகா 'ஹாக்கா' என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. 'காபி தோட்டம் 50 செ., ரிசார்ட்டுக்கு ஏற்றது' என்று விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை, அனுமதி இல்லை. கட்டடம் கட்டவும் மனை பிரிக்கவும் தனி அனுமதி வேண்டும். 'பட்டா உண்டு' என்றிருந்தால் அது நிபந்தனைப் பட்டாவா என்றும் கேளுங்கள். அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால் யாருக்கு விற்கலாம், எப்போது விற்கலாம் என்று நிபந்தனை இருக்கும். அதை மீறி வாங்கினால் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

6. வாடகை விளம்பரம்

இதில் பணத்தைப் பற்றிய இடம் மட்டும்தான் கவனிக்க வேண்டியது. 'வா.' வாடகை, 'அட்.' அட்வான்ஸ், 'ஆ.' ஆயிரம், 'ல.' லட்சம். 'ஒத்தி' அல்லது 'போக்கியம்' என்று வந்தால் மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவது. இதை ஆங்கிலத்தில் வெறுமனே 'லீஸ்' என்று எழுதினால் வடக்கே இருந்து வந்தவர் மாத வாடகை ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்வார். 'மாத வாடகை கிடையாது, முழுத் தொகையும் திரும்ப வரும்' என்று எழுதிவிடுங்கள். 'சி.கு.' சிறு குடும்பம். 'சை.' சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்.

7. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும்போது

ஒரு விளம்பரத்துக்கு மூன்று பத்தி வையுங்கள். முதலில் அச்சில் உள்ளபடி தமிழ், புள்ளி உட்பட மாற்றாமல். அடுத்து விரித்த ஆங்கிலம். மூன்றாவதாக உங்களுக்குச் சந்தேகமானவை. 'இது அப்ரூவலா அப்ளைடா தெரியவில்லை' என்பது இந்த மூன்றாவது பத்தியில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது பத்தியில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால், படிப்பவருக்குச் சந்தேகம் இருந்ததே தெரியாது.

அளவை அவருக்குப் பழகிய கணக்கில் சொல்லுங்கள். சென்ட் என்பது தென்னாட்டுக்கு வெளியே பலருக்குப் புரியாது. வடக்கத்திக்காரர் சதுர கஜத்தில் யோசிப்பார், ஒன்பது சதுர அடி ஒரு சதுர கஜம். நம் 1,350 சதுர அடி சரியாக 150 கஜம். வெளிநாட்டில் வளர்ந்தவர் என்றால் 'ல.', 'கோ.' இரண்டையும் முழு எண்ணாக எழுதுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில்தான் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், பட்டாவைப் பார்த்து "அளவு குறைகிறதே" என்று பதற மாட்டார்.

8. போன், ஆவணம், செலவு

விளம்பரம் வந்த அன்றைக்கே, முடிந்தால் மத்தியானத்துக்குள் போன் செய்யுங்கள். 'நே.உரி.' என்று போட்டிருந்தும் புரோக்கர் எடுப்பது சகஜம். "பத்திரம் உங்க பேர்லயாங்க இருக்கு?" என்று மரியாதையாகக் கேட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் சர்வே எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பெயர் மூன்றையும் கேளுங்கள். வரி விளம்பரத்தில் இவை அநேகமாக இருக்காது, இவை இல்லாமல் எதையும் சரிபார்க்கவும் முடியாது. மாநகராட்சிக்குள் என்றால் 'டி.எஸ்.' எண், வார்டு, பிளாக் என்று சொல்வார்கள். அது நகர நில அளவை எண். கதவு எண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இவை கிடைத்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே அன்று மாலைக்குள் பாதி வேலை முடிந்துவிடும். பட்டாவையும் நில வரைபடத்தையும் eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், காசு இல்லை. வில்லங்கத்தையும் வழிகாட்டி மதிப்பையும் tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம். வில்லங்கத்தைப் பார்ப்பதற்கும் காசு இல்லை. கையெழுத்திட்ட சான்றுக்குத்தான் கட்டணம். வக்கீல்கள் வழக்கமாக முப்பது வருட வில்லங்கம் கேட்பார்கள். பட்டாவில் இருக்கும் பெயரும் போனில் பேசியவர் சொன்ன பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால், நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே காரணம் கேட்டுவிடுங்கள்.

'ச.அ. 2600' என்பதில் பதிவுச் செலவு கிடையாது. இப்போதைக்குக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரல் வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் மொத்தம் 11 என்றே சொல்வார்கள். பத்திரத்தில் காட்டும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் இந்த 9 சதவீதம். நம் மாதிரி மனைக்கு 1,350 சதுர அடி விலையான 35 லட்சத்து 10 ஆயிரத்தையே பத்திரத்தில் காட்டினால், பதிவுக்கு மட்டும் 3 லட்சத்து 16 ஆயிரம் ஆகும். வக்கீல், பத்திரம் எழுதுபவர், அளந்து காட்டும் சர்வேயர் செலவெல்லாம் தனி. ஆங்கிலத்தில் அனுப்பும் செய்தியில் விலைக்குக் கீழேயே இந்தத் தொகையையும் எழுதிவிடுங்கள். வெளிமாநிலத்துக்காரர் தன் ஊர்ச் சதவீதத்தை மனதில் வைத்துத்தான் பட்ஜெட் போட்டிருப்பார்.

அட்வான்ஸ் கேட்டால், பத்திர நகலும் அப்ரூவல் எண்ணும் கைக்கு வரும்வரை டோக்கன் பணம்கூட மொபைலில் அனுப்ப வேண்டாம். "இன்னிக்கே இன்னொரு பார்ட்டி வருது" என்பார்கள். வரட்டும்.